எக்செல் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் நழுவும் இடம்

வணிகவியல் மாணவர்களின் எக்செல் செய்முறைத் தேர்வில் அடிக்கடி வரும் கணக்கு இது: இன்று 1,00,000 ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறோம். மூன்று ஆண்டுகள், ஆண்டு முடிவில் 45,000 ரூபாய் வருகிறது. வட்டி 10 சதவீதம் என்றால் நிகர இன்றைய மதிப்பு என்ன?

B2-இல் -100000, B3 முதல் B5 வரை 45000 என்று இட்டதும், பலர் நான்கையும் NPV-க்குள் கொடுத்துவிடுகிறார்கள். விடை 10,826 என்று வரும். அது தவறு. NPV தன்னிடம் தரப்படும் முதல் தொகையையே ஓர் ஆண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. முதலீடோ இன்றே போகிறது. அதை வெளியே கூட்ட வேண்டும்:

```
=NPV(10%,B3:B5)+B2
```

சரியான விடை 11,908. தவறான விடையை 1.10-ஆல் பெருக்கினாலும் இதுவே வரும்.

IRR-க்கு மட்டும் முதலீட்டையும் சேர்த்து `=IRR(B2:B5)` என்று கொடுக்க வேண்டும்; சுமார் 16.65 சதவீதம் கிடைக்கும். அந்த விகிதத்தை மேலுள்ள சூத்திரத்தில் 10 சதவீதத்துக்குப் பதிலாக இட்டால் விடை ஏறக்குறைய பூஜ்யமாகும். ஆகாவிட்டால் எங்கோ பிழை.

PMT-யில் மாதத் தவணை கேட்டால் ஆண்டு வட்டியை 12-ஆல் வகுத்து, காலத்தையும் மாதங்களில் கொடுங்கள்:

```
=PMT(12%/12,36,100000)
```

விடை -3,321.43. கையிலிருந்து வெளியேறும் பணம் என்பதையே அந்தக் கழித்தல் குறி காட்டுகிறது.