சொந்தப் பணத்துக்கும் விலை உண்டு

ஒரு நிறுவனத்தில் போட்டிருக்கும் மொத்தப் பணத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்வது எடையிட்ட சராசரி மூலதனச் செலவு. புது இயந்திரம் வாங்கலாமா, பட்டறையை விரிக்கலாமா என்று முடிவெடுக்கும்போது, கிடைக்கப்போகும் ஆதாயம் இந்த விகிதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். வங்கியில் டேர்ம் லோன் பாக்கி 40 லட்சம், வட்டி 11 சதவீதம். உரிமையாளர் பங்கு மூலதனமாகப் போட்டது 30 லட்சம். லாபத்தை எடுக்காமல் விட்டதில் சேர்ந்தது 15 லட்சம். இவை போக, நெருக்கடியான மாதங்களில் அவரே வட்டியில்லாமல் கொடுத்த 15 லட்சம் பேலன்ஸ் ஷீட்டில் டைரக்டர் லோன் என்று நிற்கிறது.

கடனின் செலவைக் கண்டுபிடிப்பது எளிது. வட்டியைச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்பதால், கட்டும் வட்டி முழுவதும் சுமையாகாது. 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்குச் சர்சார்ஜ், செஸ் சேர்த்து வரி 25.168 சதவீதம். அதைக் கழித்தால் 11 சதவீதக் கடனின் உண்மைச் செலவு 8.23 சதவீதம். வரி கட்டும் அளவுக்கு லாபம் இருந்தால்தான் இந்தச் சலுகை. நட்டத்தில் ஓடும் ஆண்டில் 11 சதவீதமும் சுமைதான். சொல்லப்பட்ட வட்டி ஃபிளாட் முறையிலா என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக் கடனுக்கு 7 சதவீத ஃபிளாட் என்பது, குறையும் பாக்கியின் மேல் கணக்கிட்டால் சுமார் 12.5 சதவீதம்.

உரிமையாளர் பணத்துக்கு யாரும் வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்புவதில்லை. அதனாலேயே அது இலவசம் என்ற எண்ணம் வேர்விட்டிருக்கிறது. உண்மையில் அதுதான் விலை கூடிய பணம். நிறுவனம் மூழ்கினால் அடமானச் சொத்தை வைத்து வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும்; மிஞ்சியது, மிஞ்சினால், உரிமையாளருக்கு. பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனத்துக்கு இந்த அபாயத்தை அளக்கப் பங்கு விலை கிடையாது. ஆகவே வங்கி கேட்கும் வட்டியோடு கூடுதல் அபாயத்துக்காகச் சில சதவீதம் சேர்ப்பது நடைமுறை. இங்கே 9 சேர்த்து 20 சதவீதம் என்று வைக்கலாம்.

டைரக்டர் லோனை எங்கே சேர்ப்பது என்பதில்தான் கணக்கு பெரும்பாலும் தடம் மாறுகிறது. வட்டியில்லாக் கடன் என்று பூஜ்யம் போட்டால், பங்குப் பணம் 45 சதவீத எடையில் 9, வங்கிக் கடன் 40 சதவீத எடையில் 3.29, மொத்தம் 12.29 சதவீதம் வரும். ஆனால் அந்த 15 லட்சமும் வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பணம். பெயர் கடனானாலும் அபாயம் பங்குக்கு உரியது. அதை உரிமையாளர் பக்கம் சேர்த்தால் எடை 60-க்கு 40 ஆகிறது. 12-உம் 3.29-உம் சேர்ந்து விகிதம் 15.29 சதவீதம். 14 சதவீதம் ஈட்டும் ஒரு சிஎன்சி லேத் முதல் கணக்கில் தேறுகிறது, இரண்டாவதில் தேறவில்லை.

எடைகளையும் ஏட்டு மதிப்பில் எடுப்பது சரியல்ல. நிறுவனம் இன்று எவ்வளவு பெறும் என்பதே அளவுகோல். வட்டியும் வரியும் போக ஆண்டு லாபம் 24 லட்சம், அது இப்படியே நீடிக்கும் என்று கொண்டால், 20 சதவீதம் எதிர்பார்ப்பவருக்கு உரிமையாளர் பங்கின் மதிப்பு 120 லட்சம். கடன் 40 லட்சத்தோடு எடை 75-க்கு 25 ஆகிறது, விகிதம் 17.06 சதவீதம். இந்த 24 லட்சம், உரிமையாளர் தன் உழைப்புக்கு ஊர் நிலவரப்படி சம்பளம் எடுத்த பிறகு நிற்கும் தொகையாக இருக்க வேண்டும். சம்பளம் எடுக்காதவரின் லாபத்தில் அவருடைய கூலியும் கலந்திருக்கும்.

கிடைத்த விகிதத்தோடு ஒப்பிடும் ஆதாயம், வரி கழித்து, வட்டி கழிக்காமல் கணக்கிட்டதாக இருக்க வேண்டும். வட்டியின் செலவு விகிதத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆதாயத்திலும் அதைக் கழித்தால் ஒரே வட்டியை இரண்டு முறை கழித்ததாகி, நல்ல திட்டமும் தோற்றுப்போகும்.

20 சதவீதம் என்பது மதிப்பீடு மட்டுமே. அதை 18 ஆக்கினால் விகிதம் 15.75-க்கு இறங்கும், 22 ஆக்கினால் 18.3-க்கு ஏறும். ஆகவே 14 சதவீத லேத்தை எப்படிப் பார்த்தாலும் வாங்கக்கூடாது. 17 சதவீதம் தரும் இயந்திரத்தை இந்தக் கணக்கு மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அங்கே ஆர்டர் எவ்வளவு உறுதியானது, லேத் ஓராண்டில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.