எதை நிறுத்துவது? எங்கள் வருடாந்திரக் கணக்கு

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குச் சட்டம் பேசப்போறதில்லை. ஒவ்வொரு டிசம்பர் கடைசி வாரமும் நானும் இந்த நிகழ்ச்சியை என்னோடு சேர்ந்து நடத்துற வழக்கறிஞர் தம்பியும் உட்கார்ந்து ஒரு கணக்குப் பார்ப்போம். எந்த வகை எபிசோடைத் தொடரலாம், எதை நிறுத்தலாம், எந்தத் தளத்தில் நேரம் வீணாகுது என்கிற கணக்கு. இந்த வருஷம் அதில் ஒரு பெரிய முடிவு எடுத்தோம். நீங்களும் பாட்காஸ்டோ யூட்யூப் சேனலோ நடத்துறவங்களா இருந்தால், அந்தக் கணக்கை எப்படிப் போட்டோம் என்பது உங்களுக்குப் பயன்படலாம்.

முதலில் எங்கள் கையிருப்பு. எங்களிடம் பணம் கிடையாது, நேரம்தான் இருக்கு. இரண்டு பேருக்கும் வேறு வேலை உண்டு. இரண்டு பேர் நேரத்தையும் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 600 மணி நேரம் இந்த நிகழ்ச்சிக்குப் போகுது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பதால் இது ஓரளவு சரியான எண். பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, வாடகை ஒப்பந்தம் என ஒரே விஷயத்தை விளக்கும் எபிசோடுகள் 24. ஒவ்வொன்றுக்கும் 9 மணி நேரம், ஆக 216. நேர்காணல்கள் 12, ஒன்றுக்கு 14 மணி நேரம், அது 168. சனிக்கிழமைச் சட்டச் செய்திகள் 48, ஒன்றுக்கு 3 மணி நேரம், அது 144. மீதி 72 மணி நேரம் ரீல்ஸ், ஷார்ட்ஸ் வெட்டுவதற்குப் போனது.

இந்த நோட்டு இல்லாமல் பார்த்தால் சனிக்கிழமைச் செய்திதான் எங்கள் ராஜா. வெளிவந்த முதல் வாரத்திலேயே சராசரியாக 450 பேர் கேட்டுவிடுவார்கள். விளக்க எபிசோடுக்கு முதல் வாரத்தில் 250 பேர்தான். தம்பி இரண்டு வருஷமா இதைச் சொல்லித்தான் என் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, சனிக்கிழமைதான் நம்மளைத் தேடி வர்றாங்க, அதைத் தொடாதீங்க" என்பார்.

அந்த ஒப்பீட்டில் ஒரு தப்பு இருந்தது. முதல் வாரத்தை மட்டும் பார்த்தால் செய்தி எப்போதும் ஜெயிக்கும். வருஷ மொத்தத்தைப் பார்த்தாலும் தப்புதான். ஜனவரியில் வந்த எபிசோடுக்கு 11 மாசம் கிடைத்திருக்கும், நவம்பரில் வந்ததுக்கு ஒரு மாசம்தான். அதனால் இந்த முறை 2024-இல் வெளிவந்தவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் ஒரு வயசு முடித்த நாளில் எங்கே நின்றது என்று பார்த்தோம். செய்தி எபிசோடு 450-இலிருந்து 500-க்கு வந்து நின்றுவிட்டது. விளக்க எபிசோடு 250-இல் தொடங்கி 900-க்குப் போயிருந்தது. பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கிறவர் அந்தப் பிரச்சினை வரும் நாளில்தானே தேடுவார்?

அடுத்து, கேட்டவர்கள் எவ்வளவு நேரம் கேட்டார்கள்? டவுன்லோட் எண்ணிக்கை இதைச் சொல்லாது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் செயலி, ஒருவர் கேட்பதை நிறுத்திவிட்டு மாசக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தால், நடுவில் விட்டுப்போன எபிசோடுகளை எல்லாம் தானாக இறக்கிவைக்கும். 2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 17 வந்தபோது அதை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க நிறைய நிகழ்ச்சிகளுக்கு டவுன்லோட் சரிந்தது. கேட்பவர்கள் அப்படியே இருந்தார்கள், கேட்காமலே இறங்கிக்கொண்டிருந்த கோப்புகள்தான் குறைந்தன. அதனால் ஸ்பாட்டிஃபையும் யூட்யூபும் காட்டும் சராசரி நேரத்தைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். மற்ற இடங்களில் கேட்பவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் என்று வைத்துக்கொண்டோம். இது அனுமானம்தான், ஆனால் இரண்டு வகைக்கும் ஒரே அனுமானம்.

25 நிமிட விளக்க எபிசோடைச் சராசரியாக 16 நிமிடம் கேட்டிருக்கிறார்கள். 900 பேர் 16 நிமிடம் கேட்டால் 240 மணி நேரம். நாங்கள் போட்ட உழைப்பு 9 மணி நேரம். அதாவது நாங்கள் உழைத்த ஒரு மணி நேரத்துக்கு ஜனங்கள் சுமார் 27 மணி நேரம் கேட்டிருக்கிறார்கள். செய்தி எபிசோடு 15 நிமிடம், அதில் 6 நிமிடம்தான் கேட்கிறார்கள். 500 பேருக்கு 50 மணி நேரம். உழைப்பு 3 மணி நேரம் என்பதால் ஒரு மணிக்கு சுமார் 17 மணி. பார்க்கச் சுலபமான வேலையாகத் தெரிந்ததுதான் குறைவான பலன் கொடுத்திருக்கு. தம்பி அந்தத் தாளை ரெண்டு நிமிஷம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரீல்ஸ் விஷயத்தில் எண்களே எங்களை ஏமாற்றப் பார்த்தன. இந்த வருஷம் ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் ஷார்ட்ஸ் பார்வைகள் திடீரென ஏறின. நல்ல தலைப்பு வைக்கக் கற்றுக்கொண்டோம் என்று நினைத்தேன். விஷயம் என்னன்னா, 2025 மார்ச் 31 முதல் யூட்யூப் எண்ணும் முறையையே மாற்றிவிட்டது. வீடியோ ஓடத் தொடங்கினாலே இப்போது ஒரு பார்வை, எத்தனை நொடி பார்த்தாலும் சரி. பழைய முறைப்படியான எண், அனலிட்டிக்ஸின் அட்வான்ஸ்டு மோடில் Engaged views என்ற பெயரில் இருக்கு. முந்தைய வருஷத்தோடு ஒப்பிட அதைத்தான் எடுக்கணும். எடுத்துப் பார்த்தால் ஒரு ஏற்றமும் இல்லை. ஷார்ட்ஸ் பார்த்துவிட்டு முழு எபிசோடுக்கு வந்தவர்கள் யார் என்று ட்ராஃபிக் சோர்ஸ் பக்கத்தில் தேடினோம். விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதை நிறுத்துவதில் விவாதமே வரவில்லை.

நேர்காணல்தான் சிக்கலானது. ஒரு மணி நேர எபிசோடைச் சராசரியாக 20 நிமிடம் கேட்கிறார்கள், உழைப்போ 14 மணி நேரம். இதுவும் செய்தி எபிசோடு மாதிரி 17 மணிக் கணக்கில்தான் நிற்கிறது. தாளை மட்டும் பார்த்தால் இதையும் நிறுத்தணும். ஆனால் சராசரிக்குள் எப்போதும் ஒரு வடிவம் ஒளிந்திருக்கும். யூட்யூபில் ஒவ்வொரு வீடியோவுக்கும் எந்த நிமிடத்தில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று காட்டும் கோடு இருக்கிறதே, அதைப் பார்த்தோம். முதல் ஏழு நிமிடத்தில் பெரும்பாலானவர்கள் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு கோடு கிட்டத்தட்ட சமதரை, இருப்பவர்கள் கடைசிவரை இருக்கிறார்கள். அந்த ஏழு நிமிடத்தில் என்ன நடக்குதுன்னு கேட்டுப் பார்த்தால், விருந்தினர் எங்கே படித்தார், யாரிடம் ஜூனியராக இருந்தார் என்று நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

இதுக்குச் சாட்சியாக ஒரு விபத்து அமைந்தது. இரண்டு நேர்காணல்களில் மைக் தொந்தரவால் என் அறிமுகம் பதிவாகவே இல்லை. நேராக ஒரு வழக்கின் கதையோடு எபிசோடு தொடங்கியது. அந்த இரண்டில் மட்டும் கோடு விழவில்லை. ஆகவே பலவீனம் நேர்காணல் என்ற வடிவத்தில் இல்லை, என் அறிமுகத்தில்தான். அடுத்த நான்கு நேர்காணல்களுக்கு அறிமுகம் 40 நொடி. பத்தாவது நிமிடத்தில் 60 சதவீதம் பேராவது மிஞ்சவில்லை என்றால் நேர்காணலையும் நிறுத்துவோம். அந்த 60-ஐ இப்போதே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எண் வந்த பிறகு எல்லையை நிர்ணயித்தால், நமக்குப் பிடித்ததைக் காப்பாற்றும் எல்லையைத்தான் போடுவோம்.

இப்போது எந்த டாஷ்போர்டும் காட்டாத ஒரு விஷயம். ஆகஸ்டில் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பழைய எபிசோடைக் கேட்டு, 420-வது பிரிவு என்று போட்டு மோசடிப் புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையம் போயிருக்கிறார். "இது பழைய சட்டம்ப்பா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சம்பவம் நடந்தது 2025-இல். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் மோசடி 318-வது பிரிவு. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும், அதனால் அந்த எபிசோடு முழுப் பொய்யும் ஆகிவிடவில்லை. பிரிவு எண் தப்பு என்பதற்காகப் புகாரையே வாங்காமல் விட்டது சரியில்லை, அது வேறு கதை. ஆனால் அவரை அலையவிட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. நல்லா ஓடுகிற எபிசோடு என்பதால் அதை யாரும் சந்தேகிக்கவே இல்லை. நீண்ட காலம் கேட்கப்படும் எபிசோடுதான் நீண்ட காலம் தப்பு சொல்லவும் செய்யும்.

தேடிப் பார்த்ததில் குற்றவியல் சட்டம் தொட்ட பழைய எபிசோடுகள் 31 இருந்தன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு நிமிடத் திருத்தம் பதிவு செய்து சேர்க்கப்போகிறோம். ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒலிக் கோப்பை மாற்றும்போது அந்த எபிசோடின் `guid` மாறாமல் பார்த்துக்கணும். மாறினால் செயலிகள் அதைப் புது எபிசோடு என்று நினைத்து எல்லாருக்கும் மறுபடி காட்டும். ஏற்கெனவே இறக்கிவைத்தவர்களுக்குத் திருத்தம் போகாது, அதுக்கு வழியில்லை. யூட்யூபில் ஏற்றிய வீடியோவை மாற்றி வைக்கவும் முடியாது. அங்கே தலைப்பில் பழைய சட்டம் என்று சேர்த்து, மேலே ஒரு கமெண்டைப் பின் செய்து, புது வீடியோவுக்கு இணைப்புக் கொடுக்கிறோம்.

சனிக்கிழமைச் செய்தி தனி ஓடையில் வருவது உங்களில் பலருக்குத் தெரியும். அதை அழிக்கப்போவதில்லை. அழித்தால் பின்தொடர்கிறவர்களுக்கு ஏன் வரவில்லை என்றே தெரியாது. கடைசி எபிசோடில் காரணம் சொல்லிவிட்டு, ஓடையில் இந்த வரியைச் சேர்ப்போம்:

```
<itunes:complete>Yes</itunes:complete>
```

இனி இதில் புது எபிசோடு வராது என்று ஆப்பிளுக்கு அது சொல்லிவிடும். ஆனால் ஒன்றைக் கவனிங்க, பிறகு மனசு மாறி அதே ஓடையில் தொடரலாம் என்று நினைத்துக்கொண்டு இதைப் போடாதீங்க.

செய்தியையும் ரீல்ஸையும் நிறுத்தினால் 216 மணி நேரம் கைக்கு வருது. 31 திருத்தங்களுக்கு ஒன்றுக்கு 2 மணி வீதம் 62. கூடுதலாக 10 விளக்க எபிசோடுகளுக்கு 90. மீதி 64 மணி நேரத்துக்கு நான் வாடகைச் சட்டம் பற்றி ஒரு தனித் தொடர் எழுதி வைத்திருந்தேன். தம்பி அதை அடித்துவிட்டார். "போன வருஷம் ரெண்டு பேரும் காய்ச்சலோட உட்கார்ந்து எடிட் பண்ணோம்ண்ணே, அதைச் சும்மா விடுங்க" என்றார். விட்டுவிட்டோம்.

கடைசிச் சனிக்கிழமை எபிசோடு ஜனவரி 10-ஆம் தேதி வரும், தம்பிதான் பேசுவார். அந்த 31 எபிசோடுகளின் பட்டியல் இந்தப் பக்கத்தின் கீழேயே இருக்கும். அதில் எதையாவது வைத்து நீங்கள் மனு எழுதியிருந்தால், அனுப்புவதற்கு முன் பிரிவு எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.