பதினைந்து நிமிஷம், ஒரு பல்லாங்குழி, ஒரு அண்டா குழம்பு

இன்னைக்கு எபிசோடுல காரைக்குடி கிச்சன்களுக்குள்ள போகப்போறோம். ரெசிபிக்காக இல்ல. சமையல் ஆட்களுக்கு உணவுப் பாதுகாப்பை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது, அதுவும் அடுத்த வாரமும் ஞாபகம் இருக்கிற மாதிரி, அதைப் பத்திப் பேசலாம். நான் இந்தப் பக்கத்து மெஸ்கள்லயும் கல்யாண கேட்டரிங் டீம்கள்லயும் இதைத்தான் செய்றேன்.

முதல்ல ஒரு பின்னணி. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்துற ஃபாஸ்டாக்னு ஒரு பயிற்சித் திட்டம் இருக்கு. டோல்கேட் ஃபாஸ்டேக் இல்லைங்க, இது வேற! இதன்படி உணவைக் கையாளுகிற ஒவ்வொரு 25 பேருக்கும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருத்தராவது இருக்கணும். அந்த ஒருத்தர் வகுப்புக்குப் போய் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்துடுவார். மிச்சம் 24 பேருக்கு யார் சொல்லிக்கொடுப்பாங்க? அவரேதான். மதியப் பந்தி முடிஞ்சு, ராத்திரி வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிடைக்கிற பதினைந்து நிமிஷத்துல.

அந்த நேரத்துல கை கழுவறது, நகம் வெட்டறது, எலித்தொல்லைன்னு எல்லாத்தையும் சொன்னா ஒண்ணும் நிக்காது. ஒரு செஷனுக்கு ஒரே ஒரு விஷயம்தான். நான் முதல் செஷனுக்கு எப்பவும் எடுக்கிறது, மிச்சமான மட்டன் குழம்பை எப்படி ஆறவைக்கிறது என்பது. ஏன்னா இதுலதான் நல்ல அனுபவசாலி மாஸ்டர்களே மாட்டிக்குவாங்க.

செஷன் ஒரு கேள்வியில ஆரம்பிக்கும். பாடம் நடத்தறதுக்கு முன்னாடியே கேட்கணும். “மதியம் பன்னெண்டு மணிக்கு இறக்கின குழம்பு, மூடிபோட்ட அண்டாவுல அப்படியே இருக்கு. நல்லாக் கொதிச்ச குழம்புதானே, ராத்திரி பத்து மணிக்குப் பரிமாறலாமா?” எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு கை தூக்கணும். கண்ணைத் திறந்து தூக்கினா எல்லாரும் சரக்கு மாஸ்டரைப் பார்த்துத்தான் தூக்குவாங்க. பெரும்பாலும் பாதிக்கு மேல “பரிமாறலாம்”னு வரும். தப்புன்னு சொல்லாதீங்க. ஒருத்தர் ஒரு பதிலுக்குக் கை தூக்கிட்டார்னா, அது சரியான்னு தெரிஞ்சுக்கிற வரைக்கும் கவனிப்பார். அதுதான் வேணும்.

இப்போ தெர்மாமீட்டர். நீளமான கம்பி உள்ளது, உள்ளே குத்திப் பார்க்கிறது. ஒரு டம்ளர்ல நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணியும் போட்டு அதுல முதல்ல வெச்சுக் காட்டணும். 0 காட்டினா கருவி சரி. அப்புறம் மதியத்துக் குழம்பு அண்டாவோட ஓரத்துல ஒரு தடவை, நடுவுல ஆழத்துல ஒரு தடவை வைக்கச் சொல்லணும். வைக்கிறது நான் இல்ல, பாத்திரம் கழுவற தம்பியோ வெங்காயம் உரிக்கிற அக்காவோ. ஓரத்தைத் தொட்டா ஆறின மாதிரி இருக்கும், நடுவுல எண் கூடுதலாக் காட்டும். இருபது லிட்டர் குழம்பு நம்ம ஊர் வெயில்ல ரொம்ப மெதுவாத்தான் ஆறும்.

அந்த மெதுவுதான் பிரச்சினை. சூடா வைக்கிற உணவு 60 டிகிரிக்கு மேல இருக்கணும், குளிரா வைக்கிறது 5 டிகிரிக்குக் கீழே இருக்கணும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்ற கணக்கு. நடுவுல இருக்கிறது கிருமிக்கு விருந்து. க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ்னு ஒரு பாக்டீரியா, இறைச்சிக் குழம்புன்னா அதுக்கு உயிர். அதோட வித்துகள் கொதியில சாகாது. கொதிச்ச கெட்டிக் குழம்புக்குள்ள காத்தும் குறைவு, அதுவும் அதுக்குப் பிடிச்சதுதான். குழம்பு 45 டிகிரிப் பக்கம் வந்தா, சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிக்கும்.

இதை வாயால சொன்னா தலையை ஆட்டுவாங்க, அவ்வளவுதான். அதனால நான் ஒரு பல்லாங்குழிப் பலகையும் ஒரு பை புளியங்கொட்டையும் கொண்டுபோவேன். ஒரு குழி, பத்து நிமிஷம். முதல் குழியில ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு, நாலு, எட்டு... அவங்களே எண்ணிப் போடணும். ஏழாவது குழியில 64. குழி வழியும், சிரிப்பு வரும். இன்னும் ஏழு குழி காலியா இருக்கு. “பதினாலாவது குழிக்கு எத்தனை வேணும்?” 8,192. பை காலியாகியும் பத்தாது. மொத்தம் ரெண்டு மணி நேரத்துக் கதை இது. யாரும் மறக்க மாட்டாங்க.

உடனே ஒரு மாஸ்டர் கேட்பார்: “திரும்பக் கொதிக்க வெச்சா செத்துடாதா?” நியாயமான கேள்வி. பெருகின பெர்ஃப்ரிஞ்சென்ஸ், நல்லாத் தளதளன்னு கொதிச்சா சாகும். ஆனா பந்தி அவசரத்துல அண்டாவை வெதுவெதுப்பாக்கித்தான் பரிமாறுவோம். சோறு விஷயம் இன்னும் மோசம். பேசில்லஸ் சீரியஸ்னு ஒண்ணு சோத்துல விட்டுட்டுப் போற நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

இன்னொண்ணு. குழம்பு சாப்பிட்டவருக்கு வயித்துவலியும் பேதியும் 6 மணியிலிருந்து 24 மணி நேரம் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள கல்யாண வீட்டுக்காரங்க ஊருக்குக் கிளம்பியிருப்பாங்க. சமைச்சவர் காதுக்கு அது வராது. “இருபது வருஷமா ஒண்ணும் ஆகல”ன்னு அவர் சொல்றது பொய் இல்ல, அவருக்குத் தெரிய வழியே இல்ல.

அடுத்து, என்ன செய்யணும்னு காட்டறது. அகலமான எவர்சில்வர் ட்ரேயில ரெண்டு விரல் உயரத்துக்குக் குழம்பை ஊத்தி, ஐஸ் தண்ணி உள்ள பெரிய தட்டுல வெச்சுக் கிளறணும். ஐஸ் தண்ணி குழம்புல தெறிக்கக் கூடாது. பத்து நிமிஷத்துல 30 டிகிரிக்குக் கீழே இறங்கறதைத் தெர்மாமீட்டர்ல அவங்களே பார்ப்பாங்க. அமெரிக்க உணவு விதியில ஒரு அளவு இருக்கு: 57-லிருந்து 21 டிகிரிக்கு ரெண்டு மணி நேரம், அங்கிருந்து 5 டிகிரிக்கு இன்னும் நாலு மணி நேரம். நான் “ரெண்டு, அப்புறம் நாலு”ன்னு மட்டும் சொல்லிக்கொடுப்பேன்.

கடைசி மூணு நிமிஷம் க்விஸ். கேள்வி மனப்பாடமா இருக்கக் கூடாது. “ஆபத்தான வெப்பநிலை எது?”ன்னு கேட்டா எண்ணைச் சொல்லிட்டு அண்டாவை மூடிட்டுப் போயிடுவாங்க. “மணி மூணு, அரை அண்டா சுக்கா மிச்சம், ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டுதான் காலி. என்ன செய்வீங்க?”ன்னு கேட்கணும். தப்பான விடைகளை அவங்க வாயிலிருந்தே எடுக்கணும்: “மூடிபோட்டு ஓரமா வெச்சிடுவேன்”, “ராத்திரி ஒரு கொதி விட்டுடுவேன்”. ஒடிசாவிலிருந்து வந்த பசங்களும் இருப்பாங்க, அதனால எழுத்து வேண்டாம், படமும் கலர் அட்டையும் போதும். மார்க்கைப் பேர்போட்டு ஒட்டாதீங்க.

அதே கேள்வியை வேற பாத்திரம், வேற நேரம் வெச்சு மறுநாளும், ஒரு வாரம் கழிச்சும் கேட்கணும். இதுக்கு ஆதாரம் உண்டு. 2006-ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வெச்சுப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷத்துல கேட்டப்போ, திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்போ, நடுவுல டெஸ்ட் எழுதினவங்க முந்திட்டாங்க. அதாவது க்விஸ் என்பது பரீட்சை மட்டும் இல்ல, ஞாபகத்தில் உட்காரவைக்கிற வழியும்கூட.

ஆனா உண்மையான மார்க்கு அட்டையில இல்ல, ராத்திரி பத்து மணி கிச்சன்லதான். போய்ப் பாருங்க. க்விஸ்ல எல்லாரும் சரியாச் சொல்லியும் அண்டா தரையிலேயே மூடியிருந்தா, அவங்களுக்குத் தெரியாம இல்ல. ட்ரே பத்தல, ஐஸ் இல்ல, ஃப்ரிட்ஜ்ல இடம் இல்ல. அப்போ அடுத்த செஷன் சமையல் ஆட்களுக்கு வேண்டாம், முதலாளிக்கு நடத்துங்க. அதே பல்லாங்குழியை எடுத்துட்டுப் போங்க.

கிளவுட் கிச்சன், ஹாஸ்டல் மெஸ்னு எங்கேயாவது நீங்க வேலை பார்த்தா, இதை முயற்சி பண்ணிப் பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.