ஆற்றோடு ஏறி இறங்கும் மோட்டார்

கம்போடியாவின் கிராத்தியே நகரத்தை ஒட்டி ஓடும் மேக்கோங் ஆறு, ஏப்ரலில் கரையின் அடிவாரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். செப்டம்பரில் அதே ஆறு பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடும். இந்தக் கரையில் தோட்டம் வைத்திருப்பவர் மோட்டாரை எங்கே வைப்பது?

கரையின் உச்சியில் வைத்தால் வெள்ளத்துக்குத் தப்பும். ஆனால் கோடையில் தண்ணீர் ஏறாது. பம்பு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. வெளியே உள்ள காற்றுதான் ஆற்றுநீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. காற்றின் பலம் அதிகபட்சம் 10.3 மீட்டர், உராய்வு போன்ற இழப்புகள் போக, நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான் தேறும். அதையும் மீறினால் பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் கேட்கும். நீராவிக் குமிழ்கள் உடைந்து இம்பெல்லரை அரிக்கும் சத்தம் அது.

இந்த எல்லை உறிஞ்சுவதற்குத்தான், மேலே தள்ளுவதற்கு அல்ல. அதனால் பம்பையே மிதவையில் ஏற்றி ஆற்றில் விட்டுவிடலாம். உறிஞ்சும் உயரம் ஆண்டு முழுவதும் ஒரு மீட்டரைத் தாண்டாது.

பம்புசெட் 150 கிலோ, தண்ணீர் நிறைந்த ஓஸின் பாரம் 70, பழுதுபார்க்க ஏறும் ஆள் 80, சட்டமும் பலகையும் 100 என்று வைப்போம். மொத்தம் 400 கிலோ. 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் ஒன்று பாதி மூழ்கினால் ஏறக்குறைய 90 கிலோ தாங்கும். ஐந்து போதும் என்று கணக்கு சொன்னாலும் ஆறு போடுவதே நல்லது. பேரலுக்குள் தெர்மாகோல் அடைத்துவிட்டால் ஓட்டை விழுந்தாலும் மூழ்காது. ஃபுட்வால்வ் நீர்மட்டத்துக்கு அரை மீட்டராவது கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் சுழல் விழுந்து காற்று புகும். ஆற்றுப் படுகையையும் தொடக் கூடாது, மணல் ஏறிவிடும்.

கரைச் சரிவில் நிலையான இரும்புக் குழாய் பதித்து, மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக இணைப்பு வாய்கள் வைக்க வேண்டும். நீர்மட்டம் மாற மாற ஓஸை அடுத்த வாய்க்கு மாற்றி, மற்றவற்றை மூடிவிட வேண்டும். முழுச் சரிவுக்கும் நீளமான ஓஸ் தேவைப்படாது.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. கோடையில் பத்து மீட்டருக்கு மேல் தள்ளிய அதே பம்பு, வெள்ளக் காலத்தில் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளினால் போதும். வேலை குறைந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் எதிர்ப்பு குறைந்ததும் சென்ட்ரிஃபியூகல் பம்பு அளவுக்கு மீறித் தண்ணீரை அள்ளும்; மோட்டார் இழுக்கும் கரண்ட் கூடி, காயில் எரியும். ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி வைத்தால் மோட்டார் தப்பும்.

மிதவையை ஆற்றின் மேல்பக்கமாக இரண்டு கம்பிவடங்களால் கட்டி, நீர் ஏறும்போதெல்லாம் தளர்த்திவிட வேண்டும். இறுக்கிக் கட்டிய மிதவையை வெள்ளம் கவிழ்த்துவிடும். முழு மரங்களை வேகமாக அடித்து வரும் ஆறு என்றால் மிதவையே வேண்டாம். அங்கே கரையோரம் கிணறு வெட்டி இறைப்பதுதான் சரி.