நிறமூர்த்தங்களை எண்ணுதல்

கலப்பிரிவு பற்றிய விடைத்தாள்களைத் திருத்துங்கால் ஒரு பிழை நம் கண்ணில் மீண்டும் மீண்டும் படுகின்றது. இழையுருப்பிரிவையும் ஒடுக்கற்பிரிவையும் செவ்வனே வரைந்து காட்டும் மாணவன், "இந்நிலையிலுள்ள கலத்தில் நிறமூர்த்தங்கள் எத்தனை?" என்ற வினாவில் இடறிவிடுகின்றான். படம் சரி, எண் பிழை. இதனை வெங்காயத்தைக் கொண்டு ஆராய்வோம். அதன் உடற்கலத்தில் 16 நிறமூர்த்தங்கள் உள.

பிரிவுக்கு முன்னர் இடையவத்தையில் டி.என்.ஏ. இரட்டிக்கின்றது. ஆகவே நிறமூர்த்தங்களும் 32 ஆயின என்று பலர் கொள்வர். அது தவறு. ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரண்டு அரைநிறவுருக்களாகின்றது. அவை மையப்பாத்திலே பிணைந்திருக்கும்வரை இரண்டும் சேர்ந்து ஒரு நிறமூர்த்தமே. எனவே கரங்களை எண்ணாது மையப்பாத்துக்களை எண்ணுதல் வேண்டும்.

வேர்நுனிக் கலமொன்றின் முன்னவத்தையிலும் அனுவவத்தையிலும் எண் 16. மேன்முகவவத்தையில் பிணைப்பு அறுந்து, அரைநிறவுரு ஒவ்வொன்றும் தனி நிறமூர்த்தமாகின்றது. கலமோ இன்னும் இரண்டாகவில்லை. ஆதலின் அக்கணத்தில் கலத்தில் இருப்பவை 32. முனைவொன்றை நோக்கிச் செல்பவை 16.

இவ்விடையைக் கற்றுக்கொண்ட மாணவன், பூவரும்பின் மகரந்தக்கூட்டில் நிகழும் ஒடுக்கற்பிரிவின் முதலாம் மேன்முகவவத்தைக்கும் 32 என்றே எழுதுகின்றான். நாம் அதிகம் காணும் பிழை இதுவே. முன்னவத்தையிற் சோடி சேர்ந்து 8 கட்டுக்களாய்த் தோன்றிய அமைப்பொத்த நிறமூர்த்தங்களே இங்குப் பிரிகின்றன. மையப்பாத்துப் பிணைப்பு அறுவதில்லை. அரைநிறவுருக்களைப் பிணைப்பது கொஹீசின் என்னும் புரதம். முதற்பிரிவிற் கரங்களிலுள்ள கொஹீசின் மட்டுமே வெட்டப்படுகின்றது. மையப்பாத்தருகே உள்ளதைச் சுகோசின் என்னும் வேறொரு புரதம் காக்கின்றது. யப்பானிய மொழியில் அப்பெயருக்குக் காவல் தெய்வம் என்று பொருள், பொருத்தமான பெயரே. ஆகவே கலத்தில் 16, முனைவொன்றில் 8.

முதற்பிரிவு முடிந்தபின் டி.என்.ஏ. மீண்டும் இரட்டிப்பதில்லை. இரண்டாம் அனுவவத்தையிற் கலமொன்றில் 8 நிறமூர்த்தங்கள் உள. இரண்டாம் மேன்முகவவத்தையிற் காவல் நீங்கி மையப்பாத்துப் பிணைப்பும் அறுவதால் அவை 16 ஆகின்றன. ஈற்றில் உண்டாகும் கலங்கள் நான்கிலும் 8.

முதலாம், இரண்டாம் மேன்முகவவத்தைகள் இரண்டிலும் கலமொன்றுக்கு 16 என்றே விடை வருவதனால், எண்ணை மட்டும் கொண்டு நிலையை அறிய இயலாது. செல்லும் நிறமூர்த்தத்தின் உருவை நோக்குக. முதலாவதில் ஒவ்வொன்றிலும் அரைநிறவுருக்கள் இரண்டு இணைந்திருக்கும். இரண்டாவதில் ஒன்றே இருக்கும்.

வினா அமைப்போரிடமும் ஒரு குறை உண்டு. ஈற்றவத்தையில் "எத்தனை?" என்று மட்டும் வினவினால், கருவொன்றுக்கா, இன்னும் சுவர் தோன்றாத முழுக் கலத்துக்கா என்பது தெளிவாகாது. வேர்நுனியில் முன்னதற்கு 16, பின்னதற்கு 32. அத்தகைய வினாவுக்கு இவ்விரண்டில் எதனை எழுதினாலும், காரணம் காட்டப்பட்டிருப்பின், நாம் புள்ளி வழங்கியே வந்துள்ளோம்.