"உயிர் இல்லை" என்றால் எதை மாற்றுவது?

என் குழுவில் இருந்த கன்டென்ட் ரைட்டரிடம் ஒரு வருட அப்ரைசலில், "உன் எழுத்துல உயிர் இல்லம்மா" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி மேடம், திங்கட்கிழமை வந்து உட்கார்ந்ததும் நான் எதை மாத்தணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒருவருடைய சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் இப்படிப் பதிலில்லாமல் இருப்பது தவறு. அன்றிலிருந்துதான் இந்த வேலையை எப்படி மதிப்பிடுவது என்று தேட ஆரம்பித்தேன்.

இது பழைய சிக்கல். அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸில் பால் டீடரிக்கும் அவருடைய சகாக்களும் 1961-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளைப் பல துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, அளவுகோல் எதுவும் தராமல் ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் வாங்கின. அதாவது ஒருவருக்கு முதல் தரமாகப் பட்ட கட்டுரை இன்னொருவருக்குக் கடைசித் தரம். ஆனால் இது வெறும் குழப்பமில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒருவர் கருத்துக்கு மதிப்பெண் போட்டார், ஒருவர் பிழைகளுக்கு, ஒருவர் அமைப்புக்கு, ஒருவர் சொல்தேர்வுக்கு, இன்னொருவர் எழுதியவரின் தனி வாசனைக்கு. ஆளுக்கொன்றைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதை 'தரம்' என்றே அழைத்திருக்கிறார்கள்.

நாங்கள் அந்தச் சொல்லைப் பிரித்தோம். பிரீஃபில் கேட்டது வந்திருக்கிறதா, தகவல் சரியா, படிப்பவருக்குப் புரிகிறதா, நடை அந்த வாடிக்கையாளருக்குப் பொருந்துகிறதா என்று நான்கு கேள்விகள். கேள்விகளை எழுதிவைப்பது சுலபம். 'புரிகிறது' என்பதற்கு 4-க்கு 3 போடுகிறோம் என்றால் அந்த 3 எப்படி இருக்கும் என்று காட்டுவதுதான் கடினம். அதற்காக ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எங்கள் பழைய வேலையிலிருந்தே ஒரு மாதிரியை எடுத்து ஒட்டிவைத்தோம்.

மருத்துவக் காப்பீடு பற்றிய ஒரு துண்டறிக்கை நினைவிருக்கிறது. அக்கவுன்ட்ஸில் இருப்பவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லி, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டோம். திட்டம் என்ன, யாருக்கு என்று சொன்னார். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதைச் சொல்லவில்லை. அது நான்காவது பத்தியின் நடுவில் கிடந்தது. அந்தத் துண்டறிக்கை எங்கள் '2' ஆனது. அதையே மேலே கொண்டுவந்து திருத்தி எழுதியபோது இன்னொருவர் படித்துவிட்டு அதைத்தான் முதலில் சொன்னார். அது '4'.

மதிப்பிட ஆறு வேலைகள் போதும். இரண்டை எழுதியவர் தேர்ந்தெடுப்பார். நான்கை, வருடத்தின் வெவ்வேறு மாதங்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்போம். இல்லையென்றால் கடைசியாகப் படித்தது மட்டுமே மனதில் நிற்கும். பெயரை மறைத்து இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோம். இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால் சராசரி எடுப்பதில்லை. எந்த வரியைப் பார்த்து அந்த மதிப்பெண் என்று இருவரும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒருவர் வேறொரு கேள்விக்குரிய குறையை இங்கே கழித்திருப்பார்.

'எத்தனை முறை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது' என்ற எண்ணைப் பல இடங்களில் நேராக அப்ரைசலில் சேர்த்துவிடுகிறார்கள். அது அநியாயம். என்னிடம் கேள்வி கேட்ட அந்த ரைட்டருக்கு அந்த வருடம் 31 முறை வேலை திரும்பி வந்திருந்தது. மின்னஞ்சல்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினோம். 17 முறை வாடிக்கையாளர் மனதை மாற்றியிருந்தார், அல்லது நாங்கள் கொடுத்த பிரீஃபே அரைகுறை. 5 முறை தகவல் பிழை. மீதி 9 முறை நடை பொருந்தவில்லை.

டிசைனருக்கும் இதே முறைதான்; அங்கே அளந்தே பார்க்கக்கூடியது இன்னும் கூடுதல். திரையில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது WCAG விதி. வெளிர் சாம்பல் எழுத்து அழகா இல்லையா என்று வாதிடும் முன் அதை அளந்துவிடலாம்.

ரசனை இதில் எங்கே என்று கேட்பார்கள். அதைத் தூக்கியெறியக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எறிந்தால், பிழையில்லாமல் சப்பென்று எழுதுபவருக்கு முழு மதிப்பெண் போய்விடும். அதனால் ஐந்தாவது கேள்வியாக, சிறிய எடையோடு தனியே வைத்தோம். பிடித்த வரியையும் பிடிக்காத வரியையும் கோடிட்டுக் காட்டாமல் அதில் மதிப்பெண் போட முடியாது.

நடைக்காகத் திரும்பி வந்த அந்த 9 வேலைகளையும் மேசையில் பரப்பி இருவரும் படித்தோம். ஏழில் முதல் பத்தி நிறுவனத்தின் பெருமையில் தொடங்கியது. வாசிப்பவரின் தேவை இரண்டாவது பத்தியில்தான் வந்தது. "இதைத்தான் மேடம் அன்னிக்குக் கேட்டேன்" என்றார் அவர்.