பத்தாயிரம் ரூபாய்க்கு நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்த பிறகு, அந்த வட்டார ஹோட்டல்களுக்குப் புது வகை வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் தங்கும் பொறியாளர்கள், நாலு நாள் வேலையாக வந்து போகிறவர்கள், தணிக்கைக்கு வருகிறவர்கள். அறை வாடகையைப் பெரும்பாலும் கம்பெனி கட்டிவிடும். சலவை, மினிபார், இரவுச் சாப்பாடு போன்றவற்றை மட்டும் விருந்தினர் கிளம்பும்போது கட்ட வேண்டும். தகராறு வருவதும் அங்கேதான். அந்த நேரத்தில் தொழிற்சாலையிலிருந்தோ வெளியிலிருந்தோ ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரை அழைக்கிறார்கள்.

அப்படி ஒரு தகராறை முழுக்கப் பின்தொடர்ந்தால் மொழிபெயர்ப்பாளரின் வேலை என்ன என்பது விளங்கும். கீழே வரும் விருந்தினரும் தொகைகளும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வேலை நடக்கும் முறை உண்மையானது.

நான்கு இரவு தங்கிய ஒரு ஜப்பானியப் பொறியாளர் அறையைக் காலி செய்கிறார். பில் 6,240 ரூபாய். சலவை இரண்டு முறை, தலா 925. மினிபார் 640. இரவுச் சாப்பாடு 3,750. அவர் பணம் கட்ட மறுக்கிறார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் மேசையை விட்டு நகரவும் இல்லை. விமானத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் வந்ததும் முதலில் இடத்தை மாற்றுகிறார். மேசைக்கு உள்ளே மேனேஜரின் பக்கம் போடப்பட்ட நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. மூவரும் முக்கோணமாக உட்காரும்படி ஒரு சின்ன மேசைக்கு நகர்த்துகிறார். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எதிரில் இருப்பவருக்கு அவர் அந்தப் பக்கத்து ஆளாகவே தெரிவார். பிறகு இரண்டு மொழியிலும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்: “என்னை அழைத்ததும் எனக்குச் சம்பளம் தருவதும் ஹோட்டல்தான். ஆனால் இங்கே பேசுவது எதுவானாலும் இருவருக்கும் முழுமையாகச் சொல்வேன். ‘நான்’ என்று நான் சொன்னால் அது பேசியவரைக் குறிக்கும். என் சொந்தக் கேள்வியாக இருந்தால் ‘மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கேட்பேன்.”

இந்த முன்னுரைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பல இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சம்பளம் யார் தருகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், விருந்தினர் அதைப் பின்னால் தானாகக் கண்டுபிடித்துச் சந்தேகப்பட மாட்டார். நம் ஊரில் மொழிபெயர்ப்புக்கு இன்னொரு மரபும் இருந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் சென்னையிலும் துபாஷிகள் இரண்டு மொழி பேசினார்கள், கூடவே வணிகமும் பேசினார்கள். துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பெரிய வணிகர். அவரைப் போன்றவர்கள் பேரத்தில் பங்குள்ளவர்கள், யோசனை சொல்பவர்கள், ஆள் பிடித்துத் தருபவர்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை எதுவும் கிடையாது.

அவர் செய்வது தொடர்முறை மொழிபெயர்ப்பு. ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்டு, குறிப்பெடுத்து, அவர் நிறுத்தியதும் மற்ற மொழியில் சொல்வது. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் பால் மாந்தூ இதைத்தான் செய்தார். காதில் கருவி மாட்டிக்கொண்டு பேச்சோடு பேச்சாக மொழிபெயர்க்கும் முறை 1945இல் நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகு பெரிய அரங்குகளைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மூன்று பேர் உட்காரும் மேசைக்கு இன்றும் பழைய முறைதான்.

விருந்தினர் பேசத் தொடங்குகிறார். மூச்சுவிடாமல் ஏறக்குறைய ஒரு நிமிடம் பேசுகிறார். செக்-இன் செய்த அன்று கார்டில் பத்தாயிரம் எடுத்தார்கள். எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. இப்போது மறுபடி 6,240 கேட்கிறார்கள். அதிலிருந்து கழித்தால் எனக்குத்தான் 3,760 திரும்ப வர வேண்டும். சலவைக்கு ஒரு முறைதான் துணி கொடுத்தேன், இரண்டாவது முறை கொடுக்கவில்லை. மினிபாரில் எடுத்தது தண்ணீர் மட்டும். தண்ணீர் இலவசம் என்று அறையில் எழுதி வைத்திருந்தார்கள்.

இதை நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முயன்றால் சலவையோ 3,760ஓ நழுவிவிடும். மேலே சுருள் கம்பி போட்ட சின்னக் குறிப்பேட்டில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அவர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

செ-இன் கார்டு 10,000 ரூ
  விளக்கம் ✗
இப்போ 6,240 ?
  → எனக்கு 3,760
சலவை 1 ✓
  2 ✗
மினி: தண்ணீர் மட்டும்
  = 0 (எழுதி இருந்தது)

இதில் முழு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இந்த வகைக் குறிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், ஜெனீவாவில் பணியாற்றிய ஜான் பிரான்சுவா ரோசான். 1956இல் வெளிவந்த சின்னப் புத்தகத்தில் அவர் ஏழு விதிகளைச் சொன்னார். சொல்லை எழுதாதே, கருத்தை எழுது என்பது முதல் விதி. வரிகளைப் பக்கவாட்டில் ஓடவிடாமல் படிக்கட்டு போலக் கீழ்நோக்கி எழுது என்பது இன்னொன்று. மறுப்பை ஐயமற்றுக் குறி என்பது மற்றொன்று. ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும், மறுப்பும் அதோடு ஒட்டியே வரும். ‘இரண்டாவது முறை துணி கொடுத்’ என்பதுவரை கேட்டுவிட்டு எழுதி முடித்தால், கொடுத்தாரா இல்லையா என்பதே தெரியாது. அதனால்தான் அந்தப் பெரிய பெருக்கல் குறி.

எண்கள் தனிக் கதை. எண்ணுக்கு முன்னும் பின்னும் ஊகிக்கத் துணை எதுவும் கிடையாது, எனவே காதில் விழுந்த அந்தக் கணமே இலக்கமாக எழுதியாக வேண்டும். அதற்காக முந்தைய கருத்தை ஓரிரு நொடி நினைவில் காத்திருக்கச் சொல்லலாம். ஜப்பானியர்கள் பத்தாயிரத்தை ‘மன்’ என்று ஒரே அலகாக எண்ணுகிறார்கள். ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மன். களைப்பில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு பூஜ்யம் கூடுவதும் குறைவதும் இந்த மாற்றத்தில்தான். விருந்தினரின் கைப்பேசியில் கார்டுக் கணக்கு யென்னில் தெரியும், பில் ரூபாயில் இருக்கும். அதனால் எண்ணோடு பணத்தின் பெயரையும் எழுதாவிட்டால் குறிப்பு பாதிக் குறிப்புதான்.

மேனேஜருக்கு அவர் தமிழில் சொல்கிறார்: “செக்-இன் அன்னைக்கு என் கார்டில் பத்தாயிரம் எடுத்தீங்க. எதுக்குன்னு யாரும் விளக்கலை...” மேனேஜர் பழக்கதோஷத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே பதில் சொல்கிறார்: “மேடம், அவர்கிட்ட சொல்லுங்க, இது எல்லா ஹோட்டல்லயும் இருக்கறதுதான்.” மொழிபெயர்ப்பாளர் கையால் விருந்தினரைக் காட்டி, “அவரிடமே சொல்லுங்க சார்” என்கிறார். மேனேஜர் திரும்பிக்கொள்கிறார். இடையில் கேஷியரிடம் தணிந்த குரலில், “சம்பாதிக்கிறது யென்னுல, அழறது தண்ணிக்கு” என்று ஒரு வார்த்தை விடுகிறார். முன்னுரையின் தேவை இங்கேதான் தெரிகிறது. மொழிபெயர்ப்பாளர் மேனேஜரிடம் கேட்கிறார்: “மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன். இப்ப சொன்னதையும் நான் சொல்லணும். சொல்லட்டுமா, நீங்க திரும்ப எடுத்துக்கறீங்களா?” மேனேஜர் திரும்ப எடுத்துக்கொள்கிறார். விருந்தினர் என்ன பேச்சு என்று கேட்டால், மேனேஜர் ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற்றார் என்று சொல்ல வேண்டியதுதான். எதையும் கேட்காமல் முழுவதையும் மொழிபெயர்ப்பதே கண்டிப்பான முறை. நீதிமன்றத்தில் வேறு வழியில்லை. ஹோட்டல் மேசையில் ஒரு முறை எச்சரிப்பது நடுநிலைக்குக் கேடில்லை என்றே தோன்றுகிறது, அடுத்தவருக்கும் அதே சலுகை இருக்கும்வரை.

அடுத்து மேனேஜர் கார்டு விஷயத்தை விளக்குகிறார். “சார், அந்தப் பத்தாயிரத்தை நாங்க எடுக்கலை. உங்க பேங்க்ல பிளாக் மட்டும்தான் பண்ணியிருக்கோம். நீங்க இப்ப பில் கட்டிட்டா நாங்க ரிலீஸ் குடுத்துடுவோம். உங்க பேங்க் எப்ப விடுதோ அப்பதான் உங்களுக்குக் காட்டும், அது எங்க கையில இல்லை. இல்லைன்னா அந்த பிளாக்லேர்ந்தே பில்லுக்கு உண்டானதை எடுத்துக்கலாம், மீதியை விட்டுடுவோம்.”

ஹோட்டல் பழக்கம் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஆசை வரும். “அது வெறும் பிளாக்தான், பணம் திரும்ப வந்துவிடும், கவலைப்பட வேண்டாம்” என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். தகவல் தப்பில்லை, நோக்கமும் நல்லது. ஆனால் அப்படிச் செய்தால் ஹோட்டலின் சார்பில் சமாதானம் சொல்பவர் ஆகிவிடுவார். அதோடு, மேனேஜர் போகிறபோக்கில் கடைசியில் சொன்ன மாற்று வழி காணாமல் போய்விடும். ரோசானின் விதிகளில் இன்னொன்று இணைப்புச் சொற்களைப் பற்றியது: ‘ஆனால்’, ‘அதனால்’, ‘இல்லையென்றால்’ ஆகியவை பேச்சின் மூட்டுகள், அவற்றை விட்டால் கருத்துகள் உதிரியாகிவிடும். மொழிபெயர்ப்பாளரின் தாளில் இடது ஓரத்தில் ‘இல்லை→’ என்று தனியாக நிற்கிறது. அதன் கீழே ‘பிளாக்-லிருந்து பில்; மீதி விடு.’

அவர் ஜப்பானிய மொழியில் இதைச் சொல்லும்போது விருந்தினர் வரிக்கு வரி “ஹை, ஹை” என்கிறார். ‘ஹை’ என்றால் ஆமாம் என்று மேனேஜருக்கும் தெரியும். அவர் முகம் மலர, கேஷியர் பிரிண்ட் கொடுக்கப் போகிறார். கதை கேட்கும்போது நாம் உம் கொட்டுவது போன்றதுதான் அந்த ‘ஹை’; கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் சம்மதம் இல்லை. “மொழிபெயர்ப்பாளர் சொல்கிறேன், அவர் கேட்கிறார், இன்னும் பதில் சொல்லவில்லை” என்று இரண்டு மொழியிலும் சொல்லி நிறுத்துகிறார். பதில் பிறகுதான் வருகிறது: “அப்படியானால் அந்தப் பத்தாயிரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சலவையும் தண்ணீரும் முதலில் சரியாக வேண்டும்.”

சலவைச் சீட்டுகள் வருகின்றன. முதல் சீட்டில் அறை எண் 412, விருந்தினரின் கையெழுத்து. இரண்டாவதில் அவசரக் கையெழுத்தில் 421 என்று எழுதியதை யாரோ 412 என்று கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். 925 ரூபாய் கழிகிறது. தண்ணீர் விஷயத்தில் விருந்தினர் இறங்கி வருகிறார். மேசைமேல் வைத்த இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலுக்குத்தான் இலவச அட்டை, குளிர்பெட்டியில் இருந்த நான்கு கண்ணாடி பாட்டிலுக்கு விலைப்பட்டியல் தனியாக இருந்தது. 640 நிற்கிறது. பில் 5,315. பிளாக் செய்த பத்தாயிரத்திலிருந்து அதை எடுத்தால் 4,685 விடுவிக்கப்படும்.

மேனேஜர் மொழிபெயர்ப்பாளரிடம், “மேடம், நீங்களும் சாட்சியா ஒரு கையெழுத்து போட்டுடுங்க” என்கிறார். அவர் மறுக்கிறார், சாட்சி சொல்வது அவர் வேலையில்லை. அதற்குப் பதிலாகப் புதிய பில்லை வரி வரியாக ஜப்பானிய மொழியில் வாசிக்கிறார். பிளாக்கிலிருந்து எடுக்கும் தொகை, விடுவிக்கும் தொகை, வங்கி விடும் நாள் ஹோட்டலின் கையில் இல்லை என்ற குறிப்பு என ஒன்றையும் விடவில்லை. விருந்தினர் கையெழுத்திட்ட பிறகு, வாசல்வரை கூடவே நடந்து, “நீங்கள் சொல்லுங்கள், 640 நியாயம்தானா?” என்று கேட்கிறார். “அதை மேனேஜரிடம் கேட்க விரும்பினால் திரும்பப் போய் மொழிபெயர்க்கிறேன்” என்பது மட்டும்தான் அவருக்குக் கிடைக்கும் பதில். விருந்தினர் வேண்டாம் என்று காரில் ஏறுகிறார். மொழிபெயர்ப்பாளர் உள்ளே வந்து, அறை எண்ணும் தொகைகளும் இருக்கும் குறிப்புத் தாள்களைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, தன் ஊதியத்துக்கான சீட்டை எழுதத் தொடங்குகிறார்.